ஆறாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்க்கு ஒரு கடிதம்

"உங்கள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் இன்வாய்ஸுடன் பொருந்தவில்லை. ஆகவே பேமென்ட் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. உடனே ஆவன செய்யவும்." சப்ளையர்களுக்கு கம்பெனி அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்டிலிருந்து போகும் மெயில்களில் பாதி இப்படித்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், கடைசியில் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அந்த 'நீட்ஃபுல்' என்ன என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். பணத்தை நிறுத்துவதற்கு காரணம் இருக்கலாம். ஆனால் இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு எந்த சப்ளையராலும் எதையும் சரிசெய்ய முடியாது என்பது என் கட்சி. முப்பத்து நான்கு வருடம் பில் பாஸ் பண்ணும் மேஜையில் உட்கார்ந்திருந்தவன் என்ற உரிமையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு சேல்ஸ் டாக்ஸ் காலத்து 'சி' ஃபாரம் நினைவிருக்கும். வெளி மாநிலத்துக்கு குறைந்த வரியில் சரக்கு விற்றால், வாங்கியவர் அந்த ஃபாரத்தைக் கொடுத்தாக வேண்டும். அது வரும்வரை விற்றவர்தான் வாங்கியவரின் வாசலில் போய் நிற்பார். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஓட்டம் திசை மாறிவிட்டது. இப்போது வாங்கியவர் விற்றவரைத் துரத்துகிறார். காரணம் எளிமையானது. நாம் வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லவா, அந்தக் கழிவு கிடைக்க வேண்டுமானால் விற்றவர் அந்த பில்லைத் தன் ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னில் காட்டியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் இது சட்டத்திலேயே நிபந்தனையாக வந்துவிட்டது. அவர் காட்டியது நமக்கு ஜி.எஸ்.டி.ஆர்-2பி என்ற பட்டியலாக, அடுத்த மாதம் 14-ஆம் தேதி வந்து நிற்கும். அந்தப் பட்டியலில் இருப்பதுதான் கழிவு. கையில் அசல் பில் இருக்கிறதே, சரக்கு வந்து இறங்கியதே, பணமும் கொடுத்தோமே என்றெல்லாம் சொன்னால் செல்லாது. விற்றவன் செய்த பிழைக்கு வாங்கியவன் பொறுப்பாவது என்ன நியாயம் என்று கேட்டால் எனக்கும் அதே கேள்விதான். அது வேறொரு நாள் பேச வேண்டியது.

இப்போது ஒரு நிஜமான சம்பவத்தை எடுத்துக்கொள்கிறேன். கோவை கணபதிப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், நான்கு ஆட்கள். பெரிய கம்பெனி ஒன்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிறார். கம்பெனியின் பெயர் நமக்குத் தேவையில்லை. போன வருடம் அக்டோபர் 8-ஆம் தேதி, பில் எண் 417. சரக்கின் மதிப்பு 1,84,000 ரூபாய். 18 சதவீத வரி இரண்டாகப் பிரிந்து, சி.ஜி.எஸ்.டி. 16,560, எஸ்.ஜி.எஸ்.டி. 16,560. ஆக மொத்தம் 2,17,120 ரூபாய். சரக்கு அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பர்ச்சேஸ் ஆர்டர்படி 45 நாளில் பணம், அதாவது நவம்பர் 22.

22-ஆம் தேதி பணம் வரவில்லை. போனில் கேட்டார், பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். 28-ஆம் தேதி மேலே சொன்ன மூன்று வரி மெயில் வந்தது. அதை போனில் வைத்துக்கொண்டு மறுநாள் சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். "ஏனுங்க சார், என்ன தப்புன்னு இதுல ஒரு வார்த்தை இல்லீங்களே. எந்த பில்லுன்னு கூட போடலீங்க" என்றார். உண்மைதான். அக்டோபரில் அந்த கம்பெனிக்கு அவர் நான்கு பில் போட்டிருந்தார். அவற்றில் எது என்று மெயிலில் இல்லாததால் நான்கும் நின்றுவிட்டன.

அவருக்கு ரிட்டர்ன் போடுவது ஒரு பார்ட் டைம் அக்கவுண்டன்ட். இதுபோல முப்பது, நாற்பது பட்டறைக்குப் பார்க்கிறவர். அவரிடம் மெயிலை ஃபார்வர்ட் செய்தால், "ரிட்டர்ன் போட்டாச்சுங்களே, நவம்பர் 11-ஆம் தேதியே ஃபைல்டுன்னு காட்டுது, நம்ம பக்கம் ஒண்ணும் இல்லை" என்று பதில் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. ரிட்டர்ன் போட்டாயிற்று என்பது நிஜம்தான். போட்ட எண் வேறு. நான்கு பில்லையும் ரிட்டர்னையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னபோது பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. 1,84,000 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 1,48,000. எட்டும் நான்கும் இடம் மாறிவிட்டன.

பழைய லெட்ஜர் ஆட்களுக்கு இது கைவந்த விஷயம். டிரையல் பேலன்ஸ் இடிக்கும்போது வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று தேடத் தொடங்குவோம். இங்கே வித்தியாசம் 36,000. ஒன்பதால் வகுத்தால் 4,000. கம்பெனியின் அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் திரையில் பளிச்சென்று தெரிந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும் சாஃப்ட்வேர் பில் எண், தேதி, நம் தொகை, அவர் தொகை என்று வரிசையாகக் காட்டித்தான் 'பொருந்தவில்லை' என்று சிவப்பு போடும். அந்த வரியை அப்படியே மெயிலில் எடுத்துப் போட்டிருந்தால் முடிந்தது. அதை விட்டுவிட்டு சிவப்பை மட்டும் அனுப்பினார்கள்.

இந்த மாதிரி மெயிலை யார் படிக்கிறார்கள் என்பதை எழுதுபவர் யோசிப்பதில்லை. பட்டறைக்காரர் அதைப் படித்து ஒன்றும் செய்யப் போவதில்லை. அவர் அதை வாட்ஸ்அப்பில் தன் அக்கவுண்டன்டுக்குத் தள்ளிவிடுவார். அக்கவுண்டன்டுக்கு அந்த கம்பெனி யார், எந்த சரக்கு, எப்போது போனது என்று எதுவும் தெரியாது. அவர் கண் முன்னால் இருப்பது ரிட்டர்ன் பக்கம் மட்டும். ஆகவே மெயில் தனியாகப் போய் நின்றாலும் பொருள் விளங்க வேண்டும். பில் எண், பில் தேதி, பில்லில் உள்ள தொகை, ரிட்டர்னில் உள்ள தொகை, எந்த மாத ரிட்டர்ன், இவை போதும். அந்த பில்லின் நகல் ஒன்றைக் கூடவே வைக்கலாம். 2பி பட்டியலை முழுதாக அனுப்பிவிடக் கூடாது. அதில் மற்ற சப்ளையர்களின் கணக்கெல்லாம் இருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி வைத்தால் போதும்.

மெயில் எழுத உட்காரும் முன் நம் வீட்டைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. நம் ஆள் பில்லைப் பதியும்போதே தவறியிருக்கலாம். '0417' என்பதை '417' என்று அடித்திருந்தால் சாஃப்ட்வேர் இரண்டும் வேறு என்றே சொல்லும். பில் அடுத்த மாதப் பட்டியலில் வந்திருக்கலாம். கம்பெனிக்கு இரண்டு மாநிலத்தில் பதிவு இருந்தால், தமிழ்நாட்டு எண் 33-இல் தொடங்கும், கர்நாடகாவுடையது 29-இல். சப்ளையர் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டிருந்தால் பில் நம்முடைய இன்னொரு பட்டியலில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய தர்மசங்கடம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஐந்து கோடி ரூபாய் வரை வியாபாரம் செய்கிறவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம். அப்படிப்பட்டவர் அக்டோபரில் போட்ட பில், நவம்பர் 13-க்குள் அவர் அதைத் தனியாக ஏற்றினால்தான் நவம்பர் 14-ஆம் தேதி பட்டியலில் வரும். ஏற்றாவிட்டால் ஜனவரி 14 வரை வராது. ஏற்றியே ஆக வேண்டும் என்று அவருக்குக் கட்டாயமும் இல்லை. அவரிடம் போய் "நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை" என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். "அக்டோபர், நவம்பர் பில்களை மாதாமாதம் ஏற்றிவிட்டால் எங்களுக்கு உதவியாக இருக்கும்" என்று கேட்கலாம். அவ்வளவுதான். நம் பட்டறைக்காரர் மாதாமாதம் போடுகிறவர், அதனால் அவர் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை.

அடுத்ததாக நான் சொல்லப்போவதைப் பல பழைய சகாக்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எவ்வளவு பணத்தை நிறுத்துவது?

417-ஆம் பில்லில் கம்பெனிக்கு வர வேண்டிய வரிக் கழிவு 33,120. ரிட்டர்னில் தப்பாகப் போட்ட 1,48,000-க்கு உண்டான வரி 26,640 பட்டியலில் வந்துவிட்டது. வராதது 6,480 ரூபாய். இந்த 6,480-க்காக 2,17,120 நின்றது, கூடவே இன்னும் மூன்று பில்லும் நின்றன. என் அபிப்பிராயம், வராத வரியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மீதி 2,10,640 ரூபாயை அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஆறாயிரத்தைப் பிடிச்சா எவன்யா அசையறான்? முழுசா பிடிச்சாத்தான் மறுநாளே ஓடி வருவான்" என்றார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எதற்கு ஓடி வருகிறார் என்று பார்க்க வேண்டும். பட்டறைக்காரர் வரிக் கணக்கைத் திருத்த ஓடி வருவதில்லை, ஆள் கூலிக்கும் கரண்ட் பில்லுக்கும் பணம் இல்லாமல் ஓடி வருகிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த பில்லுக்கு ஒரு பைசா கைக்கு வருவதற்கு முன்பே, நவம்பர் 20-ஆம் தேதி 26,640 ரூபாய் வரியை அவர் கணக்கில் ஏற்று ரிட்டர்ன் போட்டு முடித்துவிட்டார். அந்தக் கழிவை கம்பெனி எடுத்துக்கொள்ளவும் தடையில்லை. கழிவையும் எடுத்துக்கொண்டு அதே வரிப் பணத்தையும் கொடுக்காமல் வைத்துக்கொள்வது சரியான கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

நியாயத்தை விடுங்கள், கம்பெனிக்கே இதில் ஆபத்து உண்டு. பட்டறைக்காரர் உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு உற்பத்தியாளர். சிறு தொழில் வளர்ச்சிச் சட்டப்படி அவருக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டியாக. சரக்கில் ஆட்சேபணை இருந்தால் வந்த 15 நாளுக்குள் எழுதித் தெரிவிக்கலாம், அப்போது கெடு தள்ளிப்போகும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழி இங்கே உதவாது. சரக்கு வந்தது அக்டோபர் 8. பதினைந்து நாள் அக்டோபர் 23-ஆம் தேதி முடிந்துவிட்டது. 2பி பட்டியலே நவம்பர் 14-ஆம் தேதிதான் வருகிறது. தவிரவும் அந்த ஆட்சேபணை சரக்கை ஏற்றுக்கொள்வது பற்றியது, ரிட்டர்னைப் பற்றியது அல்ல. ரிட்டர்ன் பொருந்தவில்லை என்ற காரணத்தை வைத்து 45 நாள் கெடுவை நீட்ட முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். வரி அளவுக்குப் பிடித்து வைப்பதைக்கூட பர்ச்சேஸ் ஆர்டரில் முன்னாலேயே ஒரு நிபந்தனையாக எழுதிக்கொள்வது உத்தமம்.

ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த கழிவை வட்டியோடு திருப்ப வேண்டும். 417-க்கு அந்தக் கெடு இந்த வருடம் ஏப்ரல் 6. கழிவைக் காப்பாற்றுகிறேன் என்று பணத்தை மறந்துபோய் நிறுத்தி வைத்து, கடைசியில் கழிவையே இழக்கிற கூத்தும் நடப்பதுண்டு.

சப்ளையர் ரிட்டர்னே போடவில்லை, மாதக்கணக்காக ஆளையே காணோம், பதிவே ரத்தாகிவிட்டது என்றால் கதை வேறு. அப்போது வரி முழுவதையும், இந்த உதாரணத்தில் 33,120-ஐயும், பிடித்து வைப்பதில் தவறில்லை. சரக்கின் விலையைப் பிடிக்க அப்போதும் காரணம் கிடையாது.

சரி, பிழை தெரிந்தாயிற்று, எப்போதைக்குள் திருத்த வேண்டும்? மெயிலில் ஒரு தேதி இருந்தே ஆக வேண்டும், அந்தத் தேதியும் காரணத்தோடு இருக்க வேண்டும். 'உடனே' என்பது தேதி ஆகாது. 'மூன்று நாளுக்குள்' என்று சிலர் எழுதுவார்கள், அது அக்கவுண்டன்டுக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கும். போட்ட ரிட்டர்னை நினைத்த நாளில் திறந்து திருத்த முடியாது. இரண்டு வாசல்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி.ஆர்-1 போட்ட பிறகு, அதே மாதத்துக்கான 3பி ரிட்டர்ன் போடும் வரை ஜி.எஸ்.டி.ஆர்-1ஏ என்ற படிவத்தில் திருத்தலாம். இது 2024-இல் வந்த வசதி. இரண்டாவது வாசல், அடுத்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் உள்ள 9ஏ அட்டவணை. வாங்கியவரின் ஜி.எஸ்.டி. எண்ணையே தப்பாகப் போட்டிருந்தால் முதல் வாசலில் விட மாட்டார்கள், இரண்டாவதற்குத்தான் போக வேண்டும்.

நம் பட்டறைக்காரர் 3பி போட்டது நவம்பர் 20. மெயில் வந்தது 28. முதல் வாசல் சாத்திவிட்டார்கள். கம்பெனி 15-ஆம் தேதி பட்டியலைப் பார்த்து அன்றைக்கே எழுதியிருந்தால் அவருக்கு ஐந்து நாள் கிடைத்திருக்கும், குறைத்துக் காட்டிய 6,480 வரியையும் அதே மாதத்தில் சேர்த்துக் கட்டியிருப்பார். இப்போது ஒரு மாதம் தள்ளிக் கட்டுவதால் 18 சதவீத வட்டி. முப்பது நாளைக்கு சுமார் 96 ரூபாய்தான், பெரிய தொகை இல்லை. கம்பெனியைப் பொறுத்தவரை எந்த வாசலில் திருத்தினாலும் அது அடுத்த மாதப் பட்டியலில்தான், அதாவது டிசம்பர் 14-ஆம் தேதிதான் தெரியும். ஆகவே மெயிலில் இருக்க வேண்டிய ஒரே தேதி டிசம்பர் 11, நவம்பர் மாத ஜி.எஸ்.டி.ஆர்-1-இன் கடைசி நாள். அதைத் தவறவிட்டால் ஜனவரி 14 வரை காத்திருக்க வேண்டும்.

இத்தனையும் வைத்து, அந்த மூன்று வரிக்குப் பதிலாக நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன். கம்பெனிகள் ஆங்கிலத்தில்தான் அனுப்பும், அதனால் என்ன, சங்கதி இதுதான்.

பொருள்: பில் எண் 417, 08-10-2025 – ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் தொகை வேறுபடுகிறது – டிசம்பர் 11-க்குள் திருத்தக் கோருகிறோம்

ஐயா,

உங்கள் 417-ஆம் எண் பில்லுக்கான சரக்கு சரியாக வந்து சேர்ந்தது. பில்லிலும் பிழை இல்லை.

பில்லில் வரிக்கு முந்தைய மதிப்பு 1,84,000 ரூபாய். அக்டோபர் மாத ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் இதே பில் 1,48,000 ரூபாய் என்று பதிவாகியிருக்கிறது. எங்கள் 2பி பட்டியலில் உள்ள அந்த வரியையும் உங்கள் பில்லின் நகலையும் இணைத்திருக்கிறோம். இதனால் எங்களுக்கு 6,480 ரூபாய் வரிக் கழிவு குறைகிறது (சி.ஜி.எஸ்.டி. 3,240, எஸ்.ஜி.எஸ்.டி. 3,240).

பில் தொகை 2,17,120-இல் 2,10,640 ரூபாயை டிசம்பர் 1-ஆம் தேதி உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறோம். 6,480 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம். அக்டோபரின் மற்ற மூன்று பில்களில் வேறுபாடு இல்லை, அவற்றுக்கு வழக்கம்போல் பணம் வரும்.

நவம்பர் மாத ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் 9ஏ அட்டவணையில் இந்த பில்லின் மதிப்பைத் திருத்தி, டிசம்பர் 11-க்குள் தாக்கல் செய்ய வேண்டுகிறோம். புது பில்லோ கிரெடிட் நோட்டோ அனுப்ப வேண்டாம். திருத்தம் டிசம்பர் 14-ஆம் தேதி பட்டியலில் வந்ததும் மூன்று வேலை நாளில் 6,480 ரூபாயை அனுப்பிவிடுவோம்.

எங்கள் பதிவில் தவறு இருப்பதாகத் தோன்றினால் தெரிவிக்கவும். உங்கள் அக்கவுண்டன்ட் நேரடியாகப் பேசலாம். (பெயர், நேரடி போன் எண்)

இவ்வளவுதான். முதல் வரியில் சரக்கும் பில்லும் சரி என்று எழுதியது மரியாதைக்காக மட்டும் இல்லை. 'பேமென்ட் ஹோல்ட்' என்று பார்த்ததும் பட்டறைக்காரர் முதலில் பயப்படுவது குவாலிட்டியில் ரிஜெக்ட் ஆகிவிட்டதோ என்றுதான். நேராக டிஸ்பேட்ச் ஆளைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். அந்த அலைச்சல் மிச்சம். 'ஏமாற்று', 'விதிமீறல்' போன்ற சொற்களும் வேண்டாம், சாஃப்ட்வேர் எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு போடுகிறது என்பதற்காக நாமும் போட வேண்டியதில்லை.

'புது பில் வேண்டாம்' என்ற வரியை நான் வேண்டுமென்றேதான் சேர்த்தேன். சில இடங்களில் "பில்லை கேன்சல் செய்து புதிதாக அனுப்புங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். பில் சரியாக இருக்கும்போது அதைத் தொட்டால் கேடு. புது எண்ணில் இன்னொரு பில் வந்தால் அது ரிட்டர்னிலும் ஏறும், பழையதும் இருக்கும், ஒரே சரக்குக்கு இரண்டு தடவை வரி. பிறகு அதைச் சரிசெய்ய கிரெடிட் நோட், அதற்கு ஒரு மெயில், அதற்கு ஒரு பதில் என்று மார்ச் வரை ஓடும். தப்பு ரிட்டர்னில் இருந்தால் ரிட்டர்னில்தான் திருத்த வேண்டும்.

ஐந்து கோடிக்கு மேல் வியாபாரம் உள்ள சப்ளையர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அங்கே பில் விவரம் தானாகவே ரிட்டர்னுக்குப் போவதால் இந்த மாதிரி இலக்கம் மாறும் பிழை அபூர்வம். கையால் அடிக்கிற சின்ன ஆட்களுக்குத்தான் இது வருகிறது. அவர்களிடம்தான் விளங்காத மெயிலும் போகிறது.

மெயில் அனுப்பிய பிறகு கம்பெனிப் பக்கம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். டிசம்பர் 14-ஆம் தேதிப் பட்டியலில் திருத்தம் வரும்போது, அது வழக்கமான பில்களோடு சேர்ந்து வராது. திருத்தப்பட்ட பில்கள் என்று தனிப் பகுதி ஒன்று உண்டு, அங்கே பழைய விவரமும் புதிய மதிப்பும் இருக்கும். அந்தப் பகுதியைத் திறந்தே பார்க்காமல் "இன்னும் வரவில்லை" என்று இரண்டாவது மெயில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நம் பட்டறைக்காரர் டிசம்பர் 10-ஆம் தேதியே திருத்திப் போட்டார், அதற்கு முன்னால் மற்ற மூன்று பில்லுக்கும் போராடித்தான் பணம் வாங்கினார். 417-க்கு 14-ஆம் தேதி பட்டியலில் வந்த பிறகும் ஒரு வாரம் சத்தமே இல்லை, அவராகப் போன் செய்து அந்தத் தனிப் பகுதியைப் பார்க்கச் சொன்ன பிறகுதான் கண்டுபிடித்தார்கள். ஆகவே அக்கவுண்ட்ஸில் இருக்கும் பிள்ளைகள் இரண்டாவதாக ஒரு மெயிலையும் எழுத வேண்டும், அதற்கு இரண்டு வரி போதும்: "417-ஆம் பில்லின் திருத்தம் எங்கள் பட்டியலில் வந்துவிட்டது. நிறுத்தி வைத்த 6,480 ரூபாயை இன்று அனுப்பினோம், வங்கிக் குறிப்பு எண் கீழே."